ஒரே ஒருவருக்கு மட்டும் ஒரு பாடல்: ரிங்டோனை வெட்டி, பெயரோடு இணைக்கும் முறை

திரையைப் பார்க்காமலே அழைப்பவர் யார் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் ஒருவருக்கென்று தனி ரிங்டோன் வைக்கிறோம். ஆகவே எடுத்துக்கொள்ளும் துண்டு, முதல் இரண்டு விநாடிகளுக்குள் தன்னை அடையாளம் காட்டிவிட வேண்டும். புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் முழுப் பாடலையும் அப்படியே ரிங்டோனாக வைத்துவிடுகிறார்கள். பாடலின் முன்னிசை மெல்ல எழுந்து, குரல் வருவதற்குள் அழைப்பு நின்றுபோகிறது. எதிர்முனைக்காரர் காத்திருப்பது பொதுவாக அரை நிமிடம்தான், அதிலும் நாம் கேட்பது பெரும்பாலும் முதல் ஐந்தாறு விநாடிகளை மட்டுமே.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நாம் இங்கே செய்வது, அழைப்பு வரும்போது நம் கைப்பேசியில் ஒலிப்பது. நம்மை அழைப்பவர் காதில் மணியோசைக்குப் பதிலாகக் கேட்கும் பாட்டு வேறு. காலர் டியூன் எனப்படும் அதனைத் தொலைபேசி நிறுவனம் தன் பக்கத்திலிருந்து ஒலிக்கச் செய்கிறது. நம் கைப்பேசியில் உள்ள எந்தக் கோப்பும் அதனை மாற்றாது.

எடுத்துக்காட்டாக, என் அக்காவின் அழைப்புக்கு நான் செய்த ரிங்டோனையே எடுத்துக்கொள்கிறேன். வெட்டும் வேலையைக் கணினியில் Audacity என்னும் இலவச மென்பொருளில் செய்தேன். கைப்பேசியிலேயே வெட்டித் தரும் செயலிகள் பல உண்டு என்றாலும், சிறிய திரையில் விரலால் இழுத்துக் கால் விநாடி துல்லியம் பெறுவது எளிதன்று. அப்படிப்பட்ட செயலியைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றாலும், எங்கே வெட்டுவது என்பது பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

முதலில் கையில் ஒரு கோப்பு வேண்டும்

பாடல் ஒரு தனிக் கோப்பாக, எம்பி3 அல்லது அதைப் போன்ற ஒரு வடிவத்தில், உங்களிடம் இருக்க வேண்டும். மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலிகளில் 'பதிவிறக்கம்' செய்து வைத்த பாடல் இதற்குப் பயன்படாது. அது பூட்டிய வடிவில் அந்தச் செயலிக்குள்ளேயே கிடக்கும். வேறு எந்த மென்பொருளாலும் அதனைத் திறக்க முடியாது. குறுந்தகட்டிலிருந்து எடுத்ததோ, கோப்பாகவே விலைக்கு வாங்கியதோ இருந்தால் தடையில்லை. கோப்பின் பெயர் .m4a என்று முடிந்து, Audacity அதனைத் திறக்க மறுத்தால், கோப்பில் குறை இருப்பதாக எண்ண வேண்டாம். அந்த வடிவத்தைப் படிக்க FFmpeg என்னும் துணை நூலகத்தையும் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எந்த இடத்தை எடுப்பது

கைப்பேசியின் ஒலிபெருக்கி மிகச் சிறியது. தாழ்ந்த ஒலிகளை, அதாவது மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், பேஸ் கிட்டார் போன்றவற்றை, அது ஏறக்குறைய விழுங்கிவிடும். காதில் பொருத்திக் கேட்கும்போது நெஞ்சை அதிரவைத்த ஒரு தாள இடம், மேசைமேல் கிடக்கும் கைப்பேசியிலிருந்து வரும்போது வெறும் 'டிக் டிக்' என்று சுருங்கிவிடுவது இதனால்தான். பெண்குரல், புல்லாங்குழல், வயலின் ஆகியவை அந்தச் சிறிய ஒலிபெருக்கியிலும் தெளிவாக வரும். மனிதக் காதும் அந்த வீச்சில்தான் கூர்மையானது. எனவே பாடலைத் தேர்ந்தெடுக்கும்போதே கைப்பேசியின் ஒலிபெருக்கியில் ஒருமுறை போட்டு, அடுத்த அறையில் நின்று கேட்டுப் பாருங்கள். அங்கே எது கேட்கிறதோ அதுதான் ரிங்டோனுக்கு உதவும்.

நான் எடுத்துக்கொண்ட பாடல் 4 நிமிடம் 12 விநாடி நீளம். அதன் முன்னிசை முழுவதும் மெல்லிய கம்பிக் கருவிகள். அழகாக இருந்தாலும் ரிங்டோனுக்கு ஆகாது. முதல் சரணத்துக்கு முன்பாக, பல்லவி இரண்டாவது முறை வரும் இடத்தில், பாடகியின் குரல் எந்தத் தயக்கமும் இல்லாமல் உச்சத்தில் தொடங்குகிறது. 1 நிமிடம் 8.3 விநாடியில் இருந்த அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

எவ்வளவு நீளம் வெட்டுவது

அழைப்பை எடுக்காமல் இருந்தால் ரிங்டோன் முடிந்தவுடன் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஒலிக்கும். ஆகவே துண்டின் முடிவும் தொடக்கமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தாளத்தின் நடுவில் வெட்டிவிட்டால், இருபது விநாடிக்கு ஒருமுறை பாட்டு இடறி விழுவதுபோல் கேட்கும். முதலில் அது பெரிதாகத் தோன்றாது; ஒரு வாரம் கேட்டபின் எரிச்சலூட்டும்.

இதனைத் தவிர்க்க ஒரு சிறு கணக்கு போதும். பாடலைக் கேட்டபடி காலால் தாளம் தட்டி, 16 தட்டுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். என் பாடலில் சரியாக 10 விநாடி ஆயிற்று. அப்படியானால் ஒரு தட்டுக்கு 0.625 விநாடி, நான்கு தட்டு கொண்ட ஓர் ஆவர்த்தனத்துக்கு 2.5 விநாடி, எட்டு ஆவர்த்தனத்துக்கு 20 விநாடி. எனவே 1:08.3 தொடங்கி 1:28.3 வரை எடுத்தால் முழு எட்டுச் சுற்று கிடைக்கும். கடைசித் தட்டு முடிந்ததும் முதல் தட்டு தானாகவே அதன் இடத்தில் வந்து விழும்.

இந்தக் கணக்கு கணினித் தாளத்தோடு பதிவான பாடல்களில் அச்சுப்போல் பொருந்தும். வாத்தியக் கலைஞர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்த பழைய பதிவுகளில் தாளம் சற்றே முன்பின் அசையும். அந்த அசைவில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் வெட்டுபவனுக்கு அது தொல்லை. அங்கே கணக்கைத் தோராயமாக வைத்துக்கொண்டு, முடிவிடத்தைக் காதால் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

Audacity-யில் வெட்டுவது

பாடல் கோப்பை Audacity சாளரத்துக்குள் இழுத்துவிட்டால் அலைவடிவம் நீண்ட பட்டையாகத் தோன்றும். இடைவெளி விசையை அழுத்தினால் ஒலிக்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். சாளரத்தின் அடியில் தேர்வு நேரத்தைக் காட்டும் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் உள்ள பட்டியலில் Start and Length of Selection என்பதைத் தேர்ந்துகொண்டால், தொடக்க நேரத்தையும் நீளத்தையும் எண்களாகவே தட்டலாம். தொடக்கத்தில் 1 நிமிடம் 8.300 விநாடி என்றும், நீளத்தில் 20.000 விநாடி என்றும் இட்டேன். சுட்டியால் இழுத்துத் தேர்வதைவிட இது நம்பகமானது.

கேட்டுப் பார்த்தபோது பாடகியின் முதல் எழுத்துக்கு முன்னால் அவர் மூச்சிழுக்கும் ஓசை கால் விநாடி அளவுக்கு விழுந்திருந்தது. Ctrl+1 அழுத்தி அலைவடிவத்தை விரித்தால் அந்த மூச்சு ஒரு மெல்லிய கோடாகவும், குரல் தொடங்கும் இடம் சட்டென்று தடித்தும் தெரியும். தொடக்கத்தை 1:08.540-க்கு நகர்த்தினேன். நீளத்தை 20.000 என்றே விட்டுவிட்டதால் முடிவிடமும் அதே அளவு தள்ளிப்போய்த் தாளக் கணக்கு கெடாமல் நின்றது. தொடக்கத்தை மட்டும் நகர்த்தி முடிவை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்த இடத்தில் பலரும் செய்யும் பிழை.

அடுத்து Z விசையை ஒருமுறை அழுத்துங்கள். அலை, நடுக்கோட்டைக் கடக்கும் மிக அருகிலுள்ள புள்ளிக்குத் தேர்வின் இரு முனைகளையும் அது நகர்த்தும். நகரும் தொலைவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அலை உயரத்தில் இருக்கும்போது வெட்டினால் வெட்டிய இடத்தில் 'டப்' என்று ஒரு சிறு தெறிப்பு கேட்கும். இப்படிச் செய்தால் அது பெரும்பாலும் வராது. பிறகு Ctrl+T அழுத்தினால் தேர்ந்த பகுதி மட்டும் நிற்க, மற்றவை மறையும். நின்ற துண்டை அதன் மேல்விளிம்பைப் பிடித்து இடப்பக்கம் இழுத்து, நேரக்கோட்டின் தொடக்கத்தில் வைத்துவிடுங்கள். இல்லையேல் அதற்கு முன்னாலுள்ள வெற்றிடமும் மௌனமாகக் கோப்பில் சேர்ந்துவிடலாம். மூலக்கோப்புக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை. தவறிவிட்டால் Ctrl+Z போதும்.

இப்போது மேலேயுள்ள சுழற்சிப் பொத்தானை இயக்கி, துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தாளம் தட்டுங்கள். முடிவும் தொடக்கமும் சேரும் இடம் எது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் வேலை நன்றாக வந்திருக்கிறது. இடறினால், சில நூறில் ஒரு பங்கு விநாடி கூட்டியோ குறைத்தோ மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு முயன்றாலும் பொருந்தாத பாடல்களும் உண்டு. அவற்றுக்கு மட்டும் கடைசி ஒன்றரை விநாடியைத் தேர்ந்து, Effect பட்டியலில் Fading என்பதற்குள் உள்ள Fade Out-ஐப் போட்டு மெல்ல அடங்கச் செய்துவிடலாம். தொடக்கத்தில் Fade In போட வேண்டாம். அது அந்த மதிப்புமிக்க முதல் விநாடியைத்தான் மங்கச் செய்யும்.

ஒலியின் அளவு

ரிங்டோன் சத்தமாகக் கேட்கவில்லை என்று Amplify-ஐ இழுத்து ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இன்றைய பாடல்கள் ஏற்கெனவே உச்ச அளவைத் தொட்டபடிதான் வருகின்றன. மேலும் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பு வரும். மாறாக, கைப்பேசியால் ஒலிக்கவே முடியாத தாழ்ந்த ஒலிகளை முதலில் நீக்கிவிடுங்கள். Effect பட்டியலில் EQ and Filters என்பதற்குள் High-Pass Filter இருக்கிறது; அதன் அளவை 200 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், அதற்குக் கீழான ஒலிகள் படிப்படியாகத் தணியும். அவை அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியாவதால், பிறகு Volume and Compression பகுதியிலுள்ள Normalize-ஐ -1 dB அளவில் இயக்கினால், குரல் கரகரப்பின்றி முன்னைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். கணினியில் கேட்டால் பாட்டு மெலிந்துபோனதுபோல் தோன்றும். கைப்பேசியில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சேமிக்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டு

File பட்டியலில் Export Audio வழியாகச் சேமிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு எம்பி3-ஐவிட Ogg Vorbis வடிவத்தையே நான் விரும்புகிறேன். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் முனைகளில் மிகச் சிறிய மௌனம் ஒட்டிக்கொள்கிறது. முழுப் பாடலில் அது தெரியாது. சுழன்று சுழன்று ஒலிக்கும் ரிங்டோனில், நாம் பாடுபட்டுப் பொருத்திய மூட்டில் ஒரு விக்கலாகக் கேட்கும். Ogg வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, கோப்பின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் தலைப்பு. நான் கோப்புக்கு akka.ogg என்று பெயரிட்டுக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, ரிங்டோன் பட்டியலில் akka என்ற பெயரைத் தேடித் தேடி அலுத்தேன். பட்டியலில் அது பழைய பாடலின் பெயரிலேயே வேறோர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. காரணம், ஆண்ட்ராய்டு அந்தப் பட்டியலில் காட்டுவது கோப்பின் பெயரையன்று. கோப்புக்குள் உள்ள தலைப்பை. மூலப்பாடலிலிருந்த தலைப்பு வெட்டிய துண்டுக்கும் அப்படியே வந்துவிடுகிறது. சேமிக்கும் சாளரத்திலேயே Edit Metadata என்ற பொத்தானை அழுத்தி, Track Title என்ற வரியில் நமக்குத் தெரிந்த பெயரை இட்டுவிட்டால் தேடும் வேலை இல்லை.

கைப்பேசியில் வைப்பது

கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசித் திரையில் வரும் அறிவிப்பைத் தொட்டு, வெறும் மின்னேற்றத்துக்கு மட்டும் என்றிருப்பதைக் கோப்புப் பரிமாற்றம் என்று மாற்ற வேண்டும். அப்போதுதான் கைப்பேசியின் உள்நினைவகம் கணினியில் தெரியும். அதில் Ringtones என்ற கோப்புறைக்குள் கோப்பைப் போடுங்கள். அந்தக் கோப்புறை இல்லையென்றால் அதே எழுத்துகளில் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே Notifications, Alarms என்று வேறு கோப்புறைகள் இருக்கும். அவற்றில் போட்டால் குறுஞ்செய்தி ஓசையாகவும் விழிப்பு மணியாகவும்தான் பட்டியலில் வரும். கம்பி இல்லாதவர்கள் புளூடூத் வழியாகவோ மின்னஞ்சலில் தமக்கே அனுப்பியோ கோப்பைக் கொண்டுவந்துவிட்டு, கைப்பேசியின் கோப்புச் செயலியால் இந்தக் கோப்புறைக்கு நகர்த்தலாம். பதிவிறக்கக் கோப்புறையிலேயே விட்டுவைக்க வேண்டாம். என்றோ ஒருநாள் இடம் போதவில்லை என்று அங்குள்ளவற்றையெல்லாம் அழிக்கும்போது ரிங்டோனும் போய்விடும். அப்படிப் போனால் கைப்பேசி எந்த எச்சரிக்கையும் தராமல் பொதுவான ரிங்டோனுக்குத் திரும்பிவிடும்.

பெயரோடு இணைப்பது

கூகுளின் Contacts செயலியில் அக்காவின் பெயரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் Set ringtone என்பது வரும். அதைத் தொட்டதும் பட்டியல் விரியும். அதில் நாம் இட்ட தலைப்பைத் தேர்ந்து உறுதிசெய்தால் முடிந்தது. பட்டியலில் இல்லையென்றால் அதன் அடியில் வெளியிலிருந்து ரிங்டோன் சேர்க்கும் வழி இருக்கும். அதன்மூலம் கோப்பை நேரடியாகவே காட்டலாம். சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் இந்த வசதி பெயரைத் திருத்தும் பக்கத்தில், கூடுதல் விவரங்களைக் காட்டும் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும்.

எங்கு தேடியும் அந்த வசதியே தென்படவில்லை என்றால், பெரும்பாலும் அந்தப் பெயர் சிம் அட்டையில் சேமிக்கப்பட்டிருக்கும். சிம் அட்டையில் பெயருக்கும் எண்ணுக்கும்தான் இடமுண்டு. ரிங்டோனைக் குறித்துவைக்க அங்கே இடமில்லை. பெயரைக் கைப்பேசிக்கோ கூகுள் கணக்குக்கோ நகர்த்திவிட்டுப் பார்த்தால் வசதி தோன்றும். நகர்த்தும்போது சிம்மிலும் ஒரு நகல் தங்கி, ஒரே எண் இரண்டு பெயர்களில் இருந்துவிடலாம். அப்போது கைப்பேசி எந்தப் பதிவை எடுத்துக்கொள்ளும் என்று நம்மால் சொல்ல முடியாது. எனவே பழையதை நீக்கிவிடுவது நல்லது. எண்ணை நாட்டுக் குறியீட்டோடு சேமித்து வைத்தால், வெளிநாட்டிலிருக்கும்போதும் அழைப்பு சரியான பெயரோடு பொருந்தும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. வெட்டிய துண்டை எம்பி3-ஆகவே சேமித்து ஐபோனுக்கு அனுப்பி, GarageBand செயலியில் ஒரு புதிய Audio Recorder-ஐத் திறந்து, தடங்களைக் காட்டும் பார்வைக்கு மாறி, சுழல் குறியைத் தொட்டு, Files பகுதியிலிருந்து கோப்பைத் தடத்தின்மேல் இழுத்துவிட வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு: பகுதியின் நீளம் முதலில் எட்டு ஆவர்த்தனம் என்றே இருக்கும் என்பதால், அதனை Automatic என்று மாற்றாவிட்டால் துண்டு பாதியில் அறுபடும். மெட்ரோனோமையும் அணைத்துவிடுங்கள். பிறகு My Songs பக்கத்துக்குத் திரும்பி, கோப்பை அழுத்திப் பிடித்து Share, Ringtone, Export என்று போனால், இறுதியில் குறிப்பிட்ட ஒருவருக்கு அதனை இணைக்கும் தெரிவும் அங்கேயே வரும். துண்டு 30 விநாடிக்குள் இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது

அக்காவை 'ஒருமுறை கூப்பிடுங்கள், வைத்துவிடுங்கள்' என்று நான்கு முறை தொந்தரவு செய்தபின்தான் எளிய வழி ஒன்று தோன்றியது. வீட்டிலுள்ள வேறொரு கைப்பேசியின் எண்ணை, அதற்கென்று தனிப் பெயர் ஏதும் இல்லாத நிலையில், அக்காவின் பதிவிலேயே இரண்டாவது எண்ணாகச் சேர்த்து, அதிலிருந்து அழைத்துப் பார்த்தால் போதும். சோதனை முடிந்ததும் அந்த எண்ணை மறக்காமல் நீக்கிவிடுங்கள். இல்லையேல் அந்தக் கைப்பேசியிலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்பும் அக்காவின் பெயரில்தான் வரும்.

சோதனையில் சரியாக ஒலித்தும், உண்மையான அழைப்பில் பழைய மணியே கேட்டால், அவர் எதன்வழி அழைத்தார் என்று பாருங்கள். வாட்ஸ்அப் அழைப்பு, கைப்பேசியில் நாம் வைத்த தனி ரிங்டோனைக் கண்டுகொள்வதில்லை. அந்த உரையாடலைத் திறந்து, மேலேயுள்ள பெயரைத் தொட்டு, அறிவிப்புகளுக்கான அமைப்பில் அதே கோப்பை மறுபடியும் தேர்ந்து வைக்க வேண்டும். எதுவுமே ஒலிக்கவில்லை என்றால் கைப்பேசி அதிர்வு நிலையிலோ தொந்தரவு செய்யாதே என்ற நிலையிலோ இருக்கிறதா என்று பாருங்கள். தனி ரிங்டோன் வைத்ததனால் மட்டும் அந்த நிலைகளை மீறி அழைப்பு ஒலிக்காது.

கடைசியாக, akka.ogg கோப்பின் ஒரு நகலைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் எண்ணும் கூகுள் கணக்கின்வழி புதிய கைப்பேசிக்குத் தாமாகவே வந்துவிடும். எந்தப் பெயருக்கு எந்த ரிங்டோன் என்ற குறிப்பு அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. கைப்பேசியை மாற்றிய அன்று கோப்பை Ringtones கோப்புறையில் போட்டு, பெயரைத் திறந்து மறுபடி இணைக்க இரண்டு நிமிடம் ஆகும்.